வேலி தாண்டும் மீன்கள்

பிலிப்பைன்ஸில் செபு தீவின் தென்கிழக்கு முனையை ஒட்டி சுமிலோன் என்று ஒரு சின்னஞ்சிறு பவளத்தீவு இருக்கிறது. சில்லிமன் பல்கலைக்கழகத்து உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலாவின் முயற்சியால், 1974-ல் அந்தத் தீவைச் சுற்றியிருந்த பவளப்பாரில் ஏறக்குறைய கால் பங்கை மூடிவைத்தார்கள். அங்கே யாரும் மீன் பிடிக்கக் கூடாது. மீதி முக்கால் பங்கில் தூண்டிலும் செவுள் வலையும் மீன்கூடும் எப்போதும்போல இறங்கின. பத்து ஆண்டு கழித்து, 1984-ல், காவல் குலைந்தது. மூடியிருந்த பகுதிக்குள்ளும் வலை போட்டார்கள்.

மீன் பிடிக்க இடம் கூடிவிட்டது. மீன்பாடும் கூடியிருக்க வேண்டும் அல்லவா? 1985-86-ல் கணக்கெடுத்தபோது தீவின் மொத்த மீன்பாடு பாதிக்கும் கீழே போயிருந்தது. சரியாகச் சொன்னால் 54 சதவீதம் குறைவு. மூடிய கால் பங்குதான் திறந்த முக்கால் பங்குக்கும் படியளந்துகொண்டிருந்தது என்பது அதை இழந்த பிறகே கண்ணுக்குத் தெரிந்தது.

ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி நீர் வெளியேறும். கடல் காப்பகத்திலும் அதுதான் நடக்கிறது. உள்ளே மீன் பெருகி, வளர்ந்து, இடம் போதாமல் எல்லையைத் தாண்டி வருகிறது. கடலியலாளர்கள் இதை ஸ்பில்ஓவர் என்கிறார்கள்; வழிவு என்று சொல்லிக்கொள்ளலாம். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. அது காலத்தை மூடுவது. தடை முடிந்த அன்றைக்கே எல்லா இடத்திலும் வலை இறங்கிவிடும். காப்பகம் என்பது இடத்தை மூடுவது. அங்கே ஒரு மீன் பத்து, பதினைந்து வயது வரைகூட வாழ முடியும்.

ஆனாலும் சுமிலோன் கணக்கை வைத்து மட்டும் வழிவை நிரூபித்துவிட முடியாது. காவல் போனபின் அங்கே பாரைக் கெடுக்கும் பிடிமுறைகளும் நுழைந்தன. மீன்பாடு விழுந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஐயம் தீர வேண்டுமானால், காவல் குலையாத ஓர் இடத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டும். அப்படி ஓர் இடம் கிடைத்தது. அதே கடல் வட்டாரத்தில் இருக்கும் ஆபோ தீவு.

ஆபோ மக்கள் 1982-ல் தங்கள் பாரில் பத்தில் ஒரு பங்கு அளவை மூடினார்கள். கரையோரமாக அளந்தால் அரை கிலோமீட்டர்கூட வராது. அல்காலாவும் ஆஸ்திரேலியாவின் கேரி ரஸ்ஸும் அவர்கள் குழுவும் 1983 முதல் நீருக்குள் இறங்கி மீன்களை எண்ணினார்கள். அவர்கள் குறிப்பாகக் கவனித்தது நெற்றிக்குக் கீழே மூக்கு புடைத்திருக்கும் நாசோ விளமிங்கி என்ற மீனை. அந்த ஊர்த் தூண்டில்காரர்கள் விரும்பிப் பிடிக்கும் மீன் அது. 2001-க்குள் காப்பகத்தின் உள்ளே அது மூன்று மடங்கானது. அளவும் கூடியது. முன்பு அதிகமாகத் தென்பட்டவை 35 சென்டிமீட்டர் மீன்கள். பத்து ஆண்டில் அது 45 சென்டிமீட்டர் ஆனது.

குழுவினர் நீருக்கடியில் இன்னொன்றையும் பார்த்தார்கள். காப்பகத்துக்குள் பெரிய மீன்கள் சிறியவற்றை அடிக்கடி துரத்தின. வெளியே இந்தச் சண்டை குறைவு. மீன் ஏன் வேலி தாண்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. உள்ளே நெரிசல். இளையது இடம் தேடி வெளியேறுகிறது.

எல்லைக்கு வெளியே, 200 முதல் 250 மீட்டருக்குள், இந்த மீனின் எடை அளவு 40 மடங்கு கூடியது. 40 என்றதும் மயங்கிவிட வேண்டாம். தொடக்கத்தில் வெளியே அந்த மீன் அநேகமாக இல்லவே இல்லை. அதனால்தான் மடங்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. நான் முக்கியமாக நினைப்பது தூரத்தைத்தான். 300 மீட்டர் தாண்டியதும் அந்தக் கூடுதல் காணப்படவில்லை. எல்லையருகே அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு, அதுவும் ஆண்டுகள் ஓட ஓட வளரும் சரிவு: வழிவு நடக்கிறதா என்று கண்டுபிடிக்க இதுவே அடையாளம். முதல் நாளிலிருந்தே எல்லையருகே மீன் அதிகம் என்றால், அங்கே பார் இயல்பாகவே நன்றாக இருந்திருக்கிறது என்றுதான் பொருள்.

வளர்ந்த மீன் வெகுதூரம் போவதில்லை. காப்பகத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது இந்த உண்மைதான். ஒரு மீன் தன் இருப்பிடத்திலிருந்து நாலாபுறமும் 200 மீட்டர் மேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 500 மீட்டர் உள்ள சதுரக் காப்பகத்தில், எந்த நேரமும் எல்லைக்குள்ளேயே இருக்கக்கூடிய மீன் எது? எல்லாப் பக்கமும் 200 மீட்டர் உள்தள்ளி, நடுவே உள்ள 100 மீட்டர் சதுரத்தில் குடியிருக்கும் மீன் மட்டுமே. 25 ஹெக்டேரில் 1 ஹெக்டேர். மற்ற மீனெல்லாம் தினமும் ஏதோ ஒரு நேரம் தூண்டிலுக்கு எட்டும் இடத்துக்கு வந்து போகும். பக்கத்துக்கு 2 கிலோமீட்டர் உள்ள ஒரே காப்பகமாக இருந்தால் 400 ஹெக்டேரில் 256 ஹெக்டேர் அப்படிப் பாதுகாப்பாக இருக்கும். அதே 400 ஹெக்டேரைப் பதினாறு சிறு சதுரங்களாகப் பிரித்தால், எல்லாம் சேர்த்தே 16 ஹெக்டேர்தான் மிஞ்சும்.

சிறு காப்பகத்துக்கு எல்லை நீளம் அதிகம், ஆகவே வழிவும் அதிகம் என்று சிலர் வாதாடுவார்கள். பதினாறு துண்டுகளின் எல்லையைக் கூட்டினால் 32 கிலோமீட்டர், ஒரே பெரிய சதுரத்துக்கு 8 கிலோமீட்டர், அதுவரை சரிதான். ஆனால் ஏரி நிரம்பாமல் கலங்கல் ஓடாது. கொஞ்சமாக மேயும் மீனுக்கு ஆபோ அளவு போதுமாக இருந்தது. பல கிலோமீட்டர் சுற்றும் பெரிய பாரை மீனுக்கு அது ஒரு வழித்தங்கல்தான். கடல் கடந்து ஓடும் சூரைக்கோ அதுகூட இல்லை. மறுபுறம், மிகப் பெரிதாக வளைத்துவிட்டால் நடுவில் உள்ள மீன் எல்லையை எட்டுவதே இல்லை. கரையில் இருப்பவனுக்குக் கிடைப்பது குறையும். எல்லை எங்கே ஓடுகிறது என்பதும் முக்கியம். பார் தொடர்ந்து போகும் இடத்தில் கோடு போட்டால் மீன் தாராளமாகத் தாண்டும். பார் முடிந்து வெறும் மணல் தொடங்கும் இடத்தில் போட்டால் பார் மீன் பலவும் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்த காப்பகத்தை எவ்வளவு தள்ளி வைப்பது? இங்கேதான் திட்டம் போடுபவர்கள் குழம்புகிறார்கள். 300 மீட்டரோடு நின்றுவிடும் வளர்ந்த மீன் இரண்டு காப்பகங்களை இணைக்காது. இணைப்பது குஞ்சு. முட்டையும் இளம் உயிரியும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து போகும். ஆஸ்திரேலியாவின் கெப்பல் தீவுகளில் மரபணுவை ஒப்பிட்டுக் குஞ்சுகளின் பெற்றோரைத் தேடியபோது, பார்ப் பரப்பில் 28 சதவீதமே உள்ள காப்பகங்கள், 30 கிலோமீட்டர் சுற்றளவில் வந்து சேர்ந்த குஞ்சுகளில் ஏறக்குறைய பாதியைத் தந்திருந்தன. கலிஃபோர்னியாவின் வழிகாட்டுதல் இந்த இரண்டு தூரங்களையும் தனித்தனியே வைத்திருக்கிறது. ஒவ்வொரு காப்பகமும் கரையோரமாகக் குறைந்தது 5 முதல் 10 கிலோமீட்டர் நீளம் இருக்க வேண்டும். அது வளர்ந்த மீனுக்காக. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 50 முதல் 100 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அது குஞ்சுக்காக. நீரோட்டமும் மீன் வகையும் வேறான நம் கடலுக்கு அந்த எண்களை அப்படியே எடுத்து வர முடியாது. கேள்விகள் இரண்டு என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இடைவெளி விட்டுப் பல காப்பகங்கள் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011, 2012 டிசம்பர்களில் அடுத்தடுத்து வந்த இரண்டு சூறாவளிகள், முப்பது ஆண்டு காத்துவந்த ஆபோ காப்பகத்தின் பவளங்களைப் பெருமளவு நொறுக்கிப் போட்டன.