குறிப்பைப் படித்தால் கணக்கு எழுத வர வேண்டும்

ஒரு கம்பெனியின் ஆண்டுக் கணக்கில் இருப்புநிலைக் குறிப்பும் இலாப நட்டக் கணக்கும் சில பக்கங்களில் முடிந்துவிடும். அவற்றுக்குப் பின்னால் வரும் விளக்கக் குறிப்புகள் பல பக்கம் நீளும். தமிழ் வழியில் பி.காம் முடித்து ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்பவருக்கு எண்கள் புரிந்துவிடும். சட்ட நடையில் எழுதிய இந்தக் குறிப்புகள்தான் புரியாது. அவருக்காக ஒருவர் இவற்றைத் தமிழாக்கினால், அதைப் படித்தபின் எந்தத் தொகையை எங்கே எழுதுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். தேய்மானம், காண்டிஞ்சென்ட் லயபிலிட்டி ஆகிய இரண்டு குறிப்புகளில் இதைப் பார்க்கலாம்.

திருப்பூர்ப் பின்னலாடைக் கம்பெனி ஒன்று 10 லட்சம் ரூபாய்க்கு இயந்திரம் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி பொதுவான இயந்திரங்களுக்குப் பயன்படு காலம் 15 ஆண்டு. இறுதி மதிப்பு சாதாரணமாக 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; இங்கே அது 50,000 ரூபாய். நேர்கோட்டு முறையில் மீதி 9,50,000 ரூபாயை 15 ஆண்டுக்கும் சமமாகப் பிரித்தால் ஆண்டுக்கு 63,333 ரூபாய் தேய்மானம். குறைந்துசெல் இருப்பு முறையில் விகிதம் 18.10 சதவீதம் வரும். முதல் ஆண்டு 1,81,000 ரூபாய் கழியும். அடுத்த ஆண்டு மீதமுள்ள 8,19,000 ரூபாய்க்கு மட்டும் அதே விகிதம். மூன்று ஆண்டு முடிவில் ஏட்டு மதிப்பு 5,49,353 ரூபாய்.

நான்காம் ஆண்டில் கம்பெனி நேர்கோட்டு முறைக்கு மாறுகிறது. ‘தேய்மான முறை மாற்றப்பட்டது’ என்று மட்டும் தமிழில் எழுதினால் பயிற்சியாளர் என்ன செய்வார்? முதல் ஆண்டிலிருந்தே நேர்கோட்டில் போட்டுப் பார்ப்பார். ஏட்டு மதிப்பு 8,10,000 ஆகும். வித்தியாசமான 2,60,647 ரூபாயை இந்த ஆண்டு இலாபத்தில் சேர்த்துவிடுவார். பழைய கணக்கியல் தரம் 6 அப்படித்தான் செய்யச் சொன்னது. பழைய பாடநூலில் படித்தவருக்கு அதுதான் நினைவிருக்கும். 2016இல் திருத்தி வந்த தரம் 10, முறை மாற்றத்தை மதிப்பீட்டு மாற்றமாகவே பார்க்கிறது. ஆகவே முடிந்த ஆண்டுகளைத் தொடக் கூடாது. 5,49,353 ரூபாயில் இறுதி மதிப்பைக் கழித்து, மீதமுள்ள 12 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 41,613 ரூபாய். ‘மீதமுள்ள மதிப்பு, மீதமுள்ள ஆயுளுக்கு, இனிவரும் ஆண்டுகளில் மட்டும்’ என்ற மூன்றும் தமிழ்க் குறிப்பில் இருந்தால் இந்தத் தவறு நேராது.

அடுத்தது காண்டிஞ்சென்ட் லயபிலிட்டி. இதை ‘எதிர்பாராப் பொறுப்பு’ என்று எழுதுவதுண்டு. ஆனால் கம்பெனிக்கு இது முன்பே தெரியும். பணம் கட்ட நேருமா என்பதுதான் தெரியாது. அதே கம்பெனிக்கு ஜிஎஸ்டி துறை 40 லட்சம் ரூபாய் வரி கேட்டு உத்தரவு போடுகிறது. கம்பெனி முதல் மேல்முறையீட்டுக்காக 10 சதவீதமான 4 லட்சத்தைக் கட்டிவிட்டு வழக்கு நடத்துகிறது. ஆண்டுக் கணக்கில் இது ‘கம்பெனியின் மீது பிறர் கோரி, கம்பெனி கடனாக ஒப்புக்கொள்ளாத தொகை’ என்ற தலைப்பில் வரும். யார் யாரிடம் கோருகிறார்கள் என்பதைத் தமிழில் விட்டுவிட்டால், கம்பெனிக்கு வர வேண்டிய பணம் என்றே பயிற்சியாளர் எடுத்துக்கொள்ளக்கூடும்.

இங்கே கணக்கியல் தரம் 29 மூன்று படிகளைச் சொல்கிறது. கட்ட நேரும் வாய்ப்பே அதிகம், தொகையையும் நம்பகமாக மதிப்பிட முடியும் என்றால், அது ஒதுக்கீடு; அந்தத் தொகை இந்த ஆண்டுச் செலவாக ஏறும். கட்ட நேரலாம், ஆனால் வாய்ப்பு அந்த அளவுக்கு இல்லை என்றால், குறிப்பில் மட்டும் வரும். வாய்ப்பு மிகமிகக் குறைவு என்றால் குறிப்பும் வேண்டாம். ஆங்கிலத்தில் முதல் படி ‘ப்ராபபிள்’, இரண்டாவது ‘பாசிபிள்’. இரண்டையும் ‘சாத்தியம்’ என்று எழுதினால், 40 லட்சம் இலாபத்தில் கழியுமா கழியாதா என்றே தெரியாமல் போகும்.

வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டு நிர்வாகம் இரண்டாம் படி என்று முடிவு செய்தால், 40 லட்சம் குறிப்பில் நிற்கும், பேரேட்டில் ஏறாது. கட்டிய 4 லட்சம் செலவும் அல்ல. வழக்கு முடியும்வரை அது அரசிடம் உள்ள வைப்பாகச் சொத்துப் பக்கத்தில் இருக்கும். அடுத்த ஆண்டு தீர்ப்பு பாதகமாக வந்தால் படியை மறுபடி பார்க்க வேண்டும்.

எந்தப் படி என்பதை நிர்வாகம் தீர்மானிக்கிறது, ஆடிட்டர் சரிபார்க்கிறார். மூலக் குறிப்பில் அது தெளிவாக இல்லையென்றால், தமிழாக்குபவர் தானாக ஒரு படியைத் தேர்ந்து எழுதாமல் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘கட்ட நேரலாம்’ என்பது தமிழில் ‘கட்ட நேரும்’ என்று மாறினாலே, குறிப்பில் நிற்க வேண்டிய 40 லட்சம் செலவுக் கணக்குக்குப் போய்விடும்.