விடை வடிவத்தை நிலைப்படுத்தும் மாதிரிகள்: பகுபத உறுப்பிலக்கணத்தை முன்வைத்து

முன்னுரை

நூற்றுக்கணக்கான வினைமுற்றுகளுக்கு உறுப்பிலக்கணம் காணும் ஆய்வாளர், சாட்பாட் எனப்படும் உரையாடு மென்பொருளின் துணையை நாடலாம். 'நடந்தனன் என்பதைப் பிரித்துத் தருக' என்று மட்டும் கேட்டால், ஒருமுறை பத்தியாகவும் மறுமுறை பட்டியலாகவும் விடை வரக்கூடும். அவற்றை அட்டவணையில் சேர்க்க இயலாது. வேண்டிய வடிவில் சில விடைகளை எழுதித் தூண்டுரையிலேயே (பிராம்ப்ட்) வைப்பது இதற்குரிய தீர்வாகும். முன்னுள்ள உரையைத் தொடர்ந்து அடுத்து வரத்தக்கதைக் கணித்து எழுதுவதே மொழி மாதிரியின் இயல்பு. ஆகவே முன்னுள்ள வரிகளின் ஒழுங்கை அது பின்பற்றுகிறது. 2020இல் வெளிவந்த ஜி.பி.டி-3 பற்றிய ஆய்வுக்கட்டுரை இம்முறையைப் பரவலாக அறியச் செய்தது.

மாதிரிகளின் அமைப்பு

சொல், பகுதி, சந்தி, இடைநிலை, சாரியை, விகுதி என ஆறு கட்டங்களை வகுத்துக்கொள்வோம். விகாரத்தைச் சந்திக்கு அருகில் அடைப்புக்குள் தருவோம்.

```
நடந்தனன் | நட | த்(ந்) | த் | அன் | அன்
மலை | பகாப்பதம் | - | - | - | -
உண்டான் | உண் | - | ட் | - | ஆன்
படிக்கின்றாள் | படி | க் | கின்று | - | ஆள்
செய்வார் |
```

இறுதி வரி முற்றுப்பெறாமல் நிற்பதால் `செய் | - | வ் | - | ஆர்` என்னும் தொடர்ச்சியே எதிர்பார்க்கப்படுகிறது.

இங்கு மாதிரிகளின் தேர்வு இன்றியமையாதது. எல்லா மாதிரிகளிலும் சாரியை இருந்தால், சாரியை இல்லாத சொல்லுக்கும் ஒன்றைப் புனைந்து நிரப்பும் வாய்ப்பு மிகும். அதனால் உறுப்பில்லாத இடத்தில் இடும் கோட்டையும் மாதிரியாகவே காட்ட வேண்டும். பகாப்பதத்திற்கு ஒரு வரி ஒதுக்கியதும் இக்காரணம் பற்றியே. அவ்வரியை இறுதியில் வைக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. கடைசி மாதிரியின் விடையை நோக்கி மென்பொருள் சாய்வதுண்டு என 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியுள்ளது.

வரம்பும் சரிபார்ப்பும்

மாதிரிகள் வடிவத்தைக் கற்பிக்கும் அளவிற்கு இலக்கணத்தைக் கற்பிப்பதில்லை. செவொன் மின் முதலியோர் 2022இல், வகைப்பாட்டுப் பணிகளில் மாதிரிகளின் சரியான விடைகளை நீக்கி, வகைப்பெயர்களைக் கண்டபடி மாற்றி இட்டனர். அப்போதும் துல்லியம் சிறிதளவே குறைந்தது. வடிவம் சிதைந்தபோதோ பெரிதும் குறைந்தது.

எனவே சோதனையும் இருவகைப்படும். ஒவ்வொரு வரியிலும் ஐந்து செங்குத்துக் கோடுகள் உள்ளனவா என எண்ணுவது வடிவச் சோதனை. இதைக் கணினியே செய்துவிடும். விகாரத்தைக் கருத்திற்கொண்டு உறுப்புகளைப் புணர்த்தி மூலச்சொல் கிடைக்கிறதா எனக் காண்பது பொருட்சோதனை. புணர்த்திய சொல் சரியாக அமைந்தும் உறுப்பின் பெயர் பிழைபடலாம். 'நடந்தனன்' என்பதில் சாரியையை விட்டு 'அனன்' என ஒரே விகுதி காட்டினாலும், கோடுகளின் எண்ணிக்கை பொருந்தும். சொல்லும் மீளக் கிடைக்கும். இத்தகைய பிழையை இலக்கணம் அறிந்தவரே காண இயலும்.

முடிவுரை

மாதிரிகளில் இடம்பெறாத சில சொற்களுக்கு ஆய்வாளர் தாமே முன்னதாக விடை எழுதி வைத்து ஒப்பிட வேண்டும். ஒழுங்கான அட்டவணை, திருத்தமான பகுப்புக்குச் சான்றாகாது.