சுயவிபரத்தில் குணத்தை எழுதுவது எப்படி?

பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியதும் தரகர் கேட்பது சுயவிபரத்தைத்தான். வயது, படிப்பு, தொழில் எல்லாம் எழுதியாகிவிடும். 'குணநலன்' என்ற இடத்தில் பேனா நின்றுவிடும். பிடிவாதக்காரி, கூச்சக்காரி, வாயாடி என்று தன்னைப் பற்றி யார்தான் எழுதுவார்? அதற்காக 'நற்குணமுடையவர்' என்று மட்டும் எழுதினால் மறுதரப்பாருக்கு எதுவும் விளங்காது.

இனிய சொல்லைத் தேடுவதில் தவறில்லை. ஆனால் அது உங்களிடமுள்ள அதே குணத்தைச் சொல்ல வேண்டும். இல்லாத குணத்தை இரவல் வாங்கக் கூடாது.

பிடிவாதத்தை 'மன உறுதி' எனலாம். 'கொள்கைப் பற்று' என்பது பொருந்தாது. சாரியின் நிறத்துக்கும் விட்டுக்கொடுக்காதவரிடம் இருப்பது கொள்கையல்லவே! கூச்சத்தை 'பழகும்வரை அமைதியானவர்' எனலாம். அதை 'வெட்கம்' என்று எழுதினால் பொருள் மாறிவிடும். ஈமானின் ஒரு கிளையான வெட்கம் தீமையைத் தடுப்பது. கலகலவென்று பேசுபவரிடமும் அது உண்டு. அதிகம் பேசுபவரைக் 'கலகலப்பானவர்' எனலாம். 'வெளிப்படையானவர்' என்பது வேறு. நாள் முழுதும் பேசியும் மனதிலுள்ளதைச் சொல்லாதவர்கள் உண்டே!

ஒரு பெண்ணிடம் கூச்சமும் பிடிவாதமும் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சுயவிபரத்தில் 'அமைதியானவள்' என்று மட்டும் இருக்கிறது. மாமியார் அதை 'சொன்னதைக் கேட்பவள்' என்று விளங்கிக்கொள்வார். முதல் கருத்து வேறுபாட்டிலேயே "ஏமாற்றிவிட்டார்கள்" என்ற பேச்சு எழும். ஆகவே ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் நடத்தையையும் எழுதுங்கள்:

"புதியவர்களிடம் குறைவாகவே பேசுவேன், பழகிய பின் இயல்பாகப் பேசுவேன். யோசித்து முடிவெடுப்பேன், எடுத்த முடிவை இலேசில் மாற்றமாட்டேன். காரணத்தை விளக்கினால் கேட்பேன்."

கடைசி வாக்கியம் உண்மையானால் மட்டும் இருக்கட்டும். அதிகம் பேசுபவர், "கலகலப்பாகப் பழகுவேன், வீட்டில் பேச்சுத்துணை வேண்டும்" என்று எழுதலாம். அமைதியை விரும்பும் குடும்பம் அப்போதே யோசித்துக்கொள்ளும்.

எழுதியதை ராத்தாவிடமோ தம்பியிடமோ வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் சிரித்தால் சொல் பொருந்தவில்லை. "இது நீதான்" என்றால் அப்படியே இருக்கட்டும்.

இனிய சொல்லுக்கும் எல்லையுண்டு. பாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, ஒருவர் தோளிலிருந்து கைத்தடியை இறக்காதவர் என்றும் மற்றவர் வசதியற்றவர் என்றும் நபி (ஸல்) அவர்கள் மறைக்காமல் கூறியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். ஆகவே பிடிவாதம் கைநீட்டும் அளவுக்குப் போகுமானால் அதற்கு 'மன உறுதி' என்று பெயரிடாதீர்கள். அதை உள்ளபடியே சொல்வதுதான் அமானிதம்.