ஏழு பாலங்கள், ஒரு நாணயம், பதினாலு பேர்

கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும், எதையும் இரண்டாம் முறை மிதிக்காமல் ஒரே நடையில் கடக்க முடியாது என்று 1735-இல் ஆய்லர் நிறுவினார். அந்தப் பாலங்களில் குறிக்கோளே இல்லாமல் ஒருவன் அலைந்தால் என்ன ஆகும்?

பிரேகல் ஆற்றின் நடுவே ஒரு தீவு. அதிலிருந்து வடகரைக்கு இரண்டு பாலங்கள், தென்கரைக்கு இரண்டு, கிழக்கு நிலத்துக்கு ஒன்று. கிழக்கு நிலத்திலிருந்து வடகரைக்கு ஒன்று, தென்கரைக்கு ஒன்று. ஆக, தீவைத் தொடும் பாலங்கள் ஐந்து. மற்ற மூன்று நிலங்களையும் தொடுபவை மும்மூன்று.

நம் ஆள் நிற்கும் நிலத்தில் உள்ள பாலங்களில் ஒன்றைக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்துக் கடக்கிறான். வந்த பாலத்திலேயே திரும்பினாலும் பரவாயில்லை. நெடுநாள் இப்படியே நடந்தால் எந்த நிலத்தில் எவ்வளவு நேரம் இருப்பான்?

தீவுக்கு இரண்டு பாலங்கள் உள்ள வடகரைக்குத்தான், ஒரே பாலம் உள்ள கிழக்கு நிலத்தைவிட அதிக வருகை இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் ஒரே பங்கு: பதினாலில் மூன்று. தீவுக்குப் பதினாலில் ஐந்து. பாலங்களின் எண்ணிக்கை மட்டும்தான் கணக்கு.

ஏன் என்று பார்க்க, ஒருவனுக்குப் பதிலாகப் பதினாலு பேரை இறக்குவோம். ஒவ்வொரு பாலத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொருவர். தீவில் ஐந்து பேர், மற்ற இடங்களில் மும்மூன்று பேர். ஒரே நேரத்தில் எல்லோரும் தத்தம் பாலத்தைக் கடக்கட்டும். ஒவ்வொரு பாலத்திலும் இருவர் இடம் மாறிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். தீவில் மறுபடி ஐந்து பேர், மற்ற இடங்களில் மும்மூன்று பேர்! உண்மையில் அவரவர் குலுக்கினால் இருவர் ஒரே பாலத்தில் போகலாம், ஒரு பாலம் காலியாகலாம். ஆனால் சராசரியாக ஒவ்வொரு பாலத்திலும் ஒவ்வொரு திசையிலும் ஒருவர்தான். பங்கு ஒருமுறை இப்படி அமைந்துவிட்டால் பிறகு மாறாது.

வேறெப்படித் தொடங்கினாலும் இந்த இடத்துக்கே வந்து சேருமா? தீவில் தொடங்குபவன் ஓரடிக்குப் பின் அங்கே இருக்கவே மாட்டான். இரண்டடிக்குப் பின் அங்கே இருக்கும் வாய்ப்பு 0.6; மூன்றடிக்குப் பின் ஏறக்குறைய 0.18. ஊசல் போல ஆடி ஆடிச் சிறுத்து, இருபதாவது அடிக்குள் 0.357-ஐ, அதாவது பதினாலில் ஐந்தை, ஒட்டிவிடுகிறது. தீவு, வடகரை, கிழக்கு நிலம் மூன்றும் ஒரு முக்கோணச் சுற்றாக இருப்பதால்தான் இந்த ஆட்டம் அடங்குகிறது. இரண்டே நிலங்களும் நடுவே ஒரு பாலமும் மட்டும் இருந்திருந்தால் அவன் என்றைக்கும் இங்கும் அங்குமாக மாறிக்கொண்டே இருப்பான். நெடுநாள் சராசரி மட்டும் அப்போதும் பாதிப்பாதி வரும்.

ஒரு பாலத்தை ஒருவழிப் பாதையாக்கிவிட்டால் கதையே வேறு. அதில் இடம் மாறிக்கொள்ள எதிரிலிருந்து ஆள் வரமாட்டான். பாலங்களை எண்ணினால் போதும் என்ற குறுக்குவழி அங்கே செல்லாது. ஒவ்வொரு நிலத்துக்கும் வரவு செலவுச் சமன்பாடு எழுதித்தான் தீர்க்க வேண்டும்.