‘இப்படித்தான் தட்டணும்’ என்றால் ஆடியோவில் என்ன தெரியும்? கைவினைஞரை மொபைலில் பேட்டி எடுக்கும் முன்..!

சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை, மண்பாண்டத்துக்குப் பெயர் போன ஊர். 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கச்சேரி மேடைகளில் ஒலிக்கும் கடமும் இங்கே தயாராகிறது. கல்லூரி புராஜெக்ட்டுக்காக ஒரு மாணவி, அங்கே கடம் செய்யும் பெரியவரை மொபைலில் பேட்டி எடுக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து கேட்டால், பாதி டம் டம் சத்தம், மீதி ‘இப்படி... இந்த மாதிரி...’ என்ற பேச்சு. இதைத் தவிர்ப்பது எப்படி?

முதல் நாள் மொபைல் வேண்டாம்

முதல் முறை போகும்போது பதிவு செய்யாமல் வேலையைப் பார்ப்பது நல்லது. சக்கரத்தில் வனைந்த பானையை, உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் கடமாக்குகிறார்கள். எந்த நேரத்தில் தட்டுகிறார், எப்போது ஓய்வாக இருக்கிறார், சூளை வைக்கும் நாள் எது என்பதெல்லாம் நேரில் பார்த்தால்தான் தெரியும். சூளை நாளில் பேட்டிக்குப் போனால் அவருக்கும் தொல்லை, பதிவும் கிடைக்காது.

ஒரு வரி பதில் வரும் கேள்விகள்

‘எத்தனை வருஷமா செய்றீங்க?’ என்றால் ‘நாப்பது வருஷமா’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். ‘மண்ணு பதமாயிடுச்சுன்னு கையில எப்படித் தெரிஞ்சுக்குவீங்க ஐயா?’, ‘கடைசியா சூளையில கெட்டுப்போன கடம் எது, ஏன் கெட்டுச்சு?’ என்று கேட்டால் அவர் கதையாகச் சொல்வார். வெந்து வந்த பிறகுதான் கடத்தின் சுருதி உறுதியாகத் தெரியும் என்பதால், தோற்ற கடத்தைப் பற்றிய பதிலில்தான் தொழிலின் நுணுக்கம் இருக்கும். இப்படி எட்டுப் பத்துக் கேள்விகள் போதும். வருமானம் பற்றிய கேள்வியைக் கடைசியில் வைக்கலாம்.

பேசும்போது அவர் கையைக் காட்டி, ‘கழுத்துகிட்ட இவ்வளவு கனம் இருக்கணும் பாப்பா’ என்பார். ஆடியோவில் அந்தக் கை தெரியாது. ‘ரெண்டு விரல் கனமா ஐயா?’ என்று உடனே கேட்டால், ‘ஒரு விரல்தான், அடியில இன்னும் கூட’ என்று வார்த்தையில் பதில் வந்துவிடும். நடுவில் ‘ம்ம்’ கொட்டாமல் தலையசைத்தால் போதும். இல்லையென்றால் அவர் பேச்சின் மேல் இந்தச் சத்தமும் ஏறிவிடும்.

சம்மதம் பதிவிலேயே இருக்கட்டும்

பதிவைத் தொடங்கியதும் தேதி, இடம், பதிவு எதற்கு, யார் கேட்பார்கள், இணையத்தில் போடுவோமா என்பதைச் சொல்லி, அவர் சம்மதத்தை அவர் குரலிலேயே வாங்க வேண்டும். ‘எப்ப வேணும்னாலும் நிறுத்தச் சொல்லலாம், வேண்டாம்னு சொல்ற பகுதியை எடுத்துடுவோம்’ என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இது சம்பிரதாயத்துக்காகச் சொல்வதில்லை. பேச்சு சுவாரஸ்யமாகும்போது, எந்த மண்ணோடு எதை எவ்வளவு கலக்கிறார் என்பதை அவர் சொல்லிவிடக்கூடும். அது குடும்பத்தின் பிழைப்பு. அதனால் பேட்டி முடிந்ததும், ‘இதுல வெளியில போகக் கூடாதது ஏதாச்சும் இருக்கா?’ என்று தனியாகக் கேட்க வேண்டும். ‘அந்தக் கலவை மட்டும் வேண்டாம்’ என்றால், வெளியிடும் பிரதியில் இருந்து அந்த இடத்தை அப்போதே நீக்குவதாகச் சொல்லி, நீக்கியதை அவருக்குப் போட்டுக்காட்ட வேண்டும். மூலப் பதிவை வைத்துக்கொள்ளலாமா என்பதும் அவர் முடிவுதான்.

பேச்சு தனி, தட்டல் தனி

பேச்சையும் தட்டும் சத்தத்தையும் ஒரே பதிவில் எடுப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. தட்டல் சத்தம் புகுந்த பேச்சைப் பிறகு பிரிப்பது கடினம். வேலை நிற்கும் நேரத்தில், ஃபேனை அணைத்துவிட்டு, தகரக் கூரைக்கு அடியில் இல்லாமல் பானைகள் அடுக்கிய அறை ஓரத்தில் உட்காரலாம். மொபைலை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து சுமார் ஒரு சாண் தூரத்தில் வைக்க வேண்டும். பல மொபைல்களில் மைக் கீழ் விளிம்பில் இருப்பதால் அந்தப் பக்கம் அவரைப் பார்த்து இருக்கட்டும். பத்து விநாடி பதிவு செய்து இயர்போனில் கேட்டால், கரகரப்பு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

தட்டும் சத்தத்தை ஆறேழு அடி தள்ளி வைத்துத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பக்கத்தில் வைத்தால் ஒலி உச்சத்தில் வெட்டுப்பட்டு, ‘டம்’ என்பது ‘கர்’ என்று கேட்கும். பதிவுச் செயலியில் ‘சத்தம் குறைப்பு’ இருந்தால் அதை அணைத்துவிடலாம். கடத்தின் ரீங்காரத்தையும் அது இரைச்சலாக நினைத்து விழுங்கிவிடும். எல்லாம் முடிந்து, யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் அமைதியைப் பதிவு செய்தால், வெட்டி ஒட்டும் இடங்களை மறைக்க உதவும்.

WAV வடிவில் ஒரு மணி நேரத்துக்கு, ஒற்றைத் தடத்தில், சுமார் 300 எம்பி இடம் வேண்டும். வீடு திரும்பியதும் முதல் வேலை, இன்னொரு இடத்தில் நகல் எடுப்பது. இரண்டாவது, ஒரு நகலைப் பெரியவரின் பேரப்பிள்ளை மொபைலுக்கு அனுப்புவது. அது அவர்கள் வீட்டுக் குரல்!