ஒரு டன், ஒரு கிலோமீட்டர், எத்தனை பைசா?

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி முதலாளி ஒருவரிடம் கிலோமீட்டருக்கு என்ன செலவு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் நகர்த்த என்ன செலவு என்று கேட்டால்தான் கால்குலேட்டரைத் தேடுவார். வாடகை கட்டுமா, கட்டாதா என்பதைச் சொல்வது இந்த இரண்டாவது கணக்கு.

25 டன் ஏற்றும் 12 சக்கர லாரி ஒன்று மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் வண்டிக்கு வண்டி மாறும். கணக்குப் போடும் விதம் மாறாது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்றால் மாத டீசல் 1,84,000. டயர் ஒன்று 20,000 ரூபாய். 80,000 கிலோமீட்டர் உழைத்தால் 12 டயருக்கும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 3 ரூபாய், மாதம் 24,000. டோலும் பட்டறைச் செலவும் 64,000. டிரைவர் சம்பளம், பேட்டா 40,000. தவணை, இன்சூரன்ஸ், வரி, பெர்மிட், எஃப்.சி. எல்லாம் 88,000. மொத்தம் 4 லட்சம்.

போகும்போதும் வரும்போதும் முழு லோடு இருந்தால் 2 லட்சம் டன்-கிலோமீட்டர். அப்போது செலவு 2 ரூபாய். அதில் டீசல் மட்டும் 92 பைசா.

டயர் 12 பைசாதானே என்று அலட்சியம் கூடாது. ஜோடி டயரில் ஒன்றுக்குக் காற்று குறைந்தால் மற்றது பாரம் சுமந்து சூடேறும். காற்று குறைந்த டயர் இரு ஓரங்களிலும், காற்று கூடிய டயர் நடுவிலும் தேயும். தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

காலியாகத் திரும்பினால்? காலி வண்டி லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர் கொடுத்து, மாதம் சுமார் 25,000 ரூபாய் மிச்சமாகும். ஆனால் டன்-கிலோமீட்டர் பாதியாகிறது. 3,75,000 ரூபாயை 1 லட்சத்தால் வகுத்தால் 3 ரூபாய் 75 பைசா. பலர் சறுக்குவது இங்கேதான்: திரும்பும் தூரத்தையும் லோடு ஏற்றியதாகவே எழுதிக்கொள்கிறார்கள்.

அதனால் ரிட்டர்ன் லோடுக்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கலாம் என்பதும் தப்பு. வண்டி நின்றாலும் தவணை நிற்காது. டிரைவர் செலவோடு சேர்த்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 4,270 ரூபாய். ஊர் திரும்ப 1,000 கிலோமீட்டர். புக்கிங் ஆபீஸ் கமிஷன் போக 30,000 ரூபாய்க்கு லோடு கிடைக்கிறது. லோடோடு வந்தால் கூடுதல் டீசல் சுமார் 6,250. கையில் நிற்பது 23,750. ஊரில் அடுத்த லோடு தயாராக இருக்கிற வண்டி, இதற்காக ஐந்து நாள் காத்திருந்தால் மிஞ்சுவது 2,400 ரூபாய். ஆறாம் நாளும் லோடு வரவில்லையென்றால் காலியாகவே கிளம்பிவிடுவதுதான் லாபம்.