பாக்கி கேட்கும் நாலு வரி

சிவகாசியில் ஒரு சிறிய அச்சகம், ஜவுளிக்கடை ஒன்றுக்குக் காலண்டர் அடித்துக் கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் கெடு தாண்டி ஒரு வாரமாகியும் பணம் வரவில்லை. "பாக்கியைக் கொஞ்சம் பாருங்க" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டால், எந்த பில் என்று கடைக்காரர்தான் தேட வேண்டும். தேடும் வேலை நாளைக்குத் தள்ளிப்போகும்.

இப்படி எழுதலாம்:

"வணக்கம் அண்ணாச்சி. டிசம்பர் 20 அன்று அனுப்பிய காலண்டருக்கான பில் எண் 212, ரூ.18,400, ஜனவரி 19-க்குள் வர வேண்டியது. பில்லை இணைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப முடியுமா? ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தேதியைச் சொல்லுங்கள், சரிபார்த்துக்கொள்கிறேன்."

கடைசி வரிதான் மரியாதையைக் காப்பாற்றுகிறது. ஆனாலும் வங்கிக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டே அனுப்ப வேண்டும். கொடுத்தவரிடமே கேட்டால் அடுத்த ஆர்டர் வருவது சந்தேகம்.

"கலர் மங்கியிருக்கே" என்று பதில் வந்தால் அது தாமதம் அல்ல, தகராறு. மீண்டும் நினைவூட்டுவதில் பயனில்லை. நேரில் போய்க் காலண்டரைப் பார்த்துப் பேசித் தீர்க்க வேண்டும்.

பதிலே இல்லையென்றால் போன், அதன்பின் கடிதம். உத்யம் பதிவுள்ள குறுந்தொழிலுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது: ஒப்பந்தம் எப்படியிருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது; தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதை முதல் செய்தியிலேயே எழுதினால் மிரட்டலாகத் தெரியும். கடிதத்தில்தான் அதற்கு இடம்.